வெள்ளவத்தை வீடு, நான்கு பங்கு: விற்பதா, ஒருவர் வாங்குவதா, நன்கொடையா, வழக்கா?

பெற்றோர் விட்டுப்போன வீட்டைச் சகோதரங்கள் பிரிக்கப் போகிறார்கள் என்றால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "நன்கொடை உறுதியா எழுதிவிடுங்கோ, முத்திரை வரி பாதிதான்." முத்திரை வரியை மட்டும் பார்த்தால் அது சரியான கணக்கு. ஆனால் 2018 முதல் மூலதன ஆதாய வரியும் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் தனியாட்களுக்கு அந்த வரி 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகவும் உயர்ந்துவிட்டது. இரண்டு வரியையும் பதிவையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்தப் பழைய யோசனை பல குடும்பங்களுக்குப் பொருந்துவதில்லை. ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் 12 பேர்ச் காணி, அதில் ஒரு பழைய வீடு. உறுதி அப்பாவின் பெயரில் இருக்கிறது. அம்மா 2006இலும் அப்பா 2009இலும் காலமானார்கள். மரணசாசனம் எழுதப்படவில்லை. பிள்ளைகள் நான்கு பேர். அக்கா அந்த வீட்டிலேயே குடும்பத்தோடு இருக்கிறார். அண்ணன் ரொறன்ரோவில், கனேடியக் குடியுரிமையோடு. தங்கை வத்தளையில், தம்பி மட்டக்களப்பில். பொதுச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. (தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்திலும் முஸ்லிம் குடும்பத்திலும் பங்குக் கணக்கு வேறாகலாம். அதை முதலில் சட்டத்தரணியிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும்.) இன்றைய சந்தை விலை பேர்ச் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பெறுமதி 12 கோடி, ஒரு பங்கு 3 கோடி. இந்த விலைகள் கணக்குக்காக வைத்தவை. வீதங்கள் நடைமுறையில் உள்ளவை.

காணியையே நான்காகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு எடுக்கலாமே என்று கேட்பார்கள். கொழும்பில் இது பெரும்பாலும் முதலிலேயே அடிபட்டுப்போகும் வழி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி சாதாரணமாக ஒரு துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது. முகப்பு அகலமும் 6 மீற்றர் வேண்டும். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். அதாவது ஆறு பேர்ச்சுக்குக் கீழே துண்டு போட முடியாது. நம்முடைய 12 பேர்ச்சில் நான்கு மூன்று பேர்ச் துண்டுகளுக்கு இடமே இல்லை. இரண்டாகப் பிரித்தால் ஒரு துண்டு 151 சதுர மீற்றருக்குச் சற்று மேலே வரும். பின்னால் இருக்கும் துண்டுக்கு ஒரு பாதை விட்டால் அதுவும் போய்விடும். நில அளவையாளர் வரைபடம் கீறித் தருவார், நொத்தாரிசு அதை வைத்துப் பாகப்பிரிவினை உறுதியும் எழுதித் தருவார். ஆனால் துண்டாடலுக்கு அனுமதி இல்லாத அந்த வரைபடத்தோடு மாநகர சபைக்குப் போய்க் கட்டட அனுமதி கேட்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். 25, 30 பேர்ச் வளவு இருந்து, எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள் என்றால் பாகப்பிரிவினை உறுதியைவிட நல்ல வழி கிடையாது. 12 பேர்ச்சில் அதை மறந்துவிடலாம்.

ஆகவே மிஞ்சுவது நான்கு வழி. வெளியாளுக்கு விற்றுக் காசைப் பிரிப்பது, அக்கா மற்ற மூவரின் பங்கையும் விலைக்கு வாங்குவது, மூவரும் அக்காவுக்கு நன்கொடையாக எழுதுவது, நீதிமன்றத்தில் பங்கு பிரிவினை வழக்குப் போடுவது.

எந்த வழியானாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் பெயரில் உள்ள உறுதியிலிருந்து நேரே பிள்ளைகள் "வாரிசு என்ற முறையில்" கையெழுத்து வைத்து உறுதி எழுதுவது கொழும்பில் நிறையவே நடக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 547ஆம் பிரிவு, இறந்தவரின் குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தை நீதிமன்றத்தின் நிர்வாகக் கடிதம் பெறாமல் கைமாற்றினால், கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றம் செய்தவர்கள் என்கிறது. வெள்ளவத்தையில் எந்த வீடும் அந்தப் பெறுமதிக்குள் அடங்காது. அதோடு பின்னாளில் வங்கியின் சட்டத்தரணி உறுதிக் கோவையைப் புரட்டும்போது முதலில் கேட்பது, அந்தக் கடிதத்தைப் பெறப் போடும் மரணசாதன வழக்கின் இலக்கத்தைத்தான். மாவட்ட நீதிமன்றத்தில் அந்த வழக்கை முடித்து, நிர்வாகி நான்கு பேருக்கும் பங்கை எழுதிக்கொடுத்த உறுதியைக் காணிப் பதிவகத்தில் அப்பாவின் உறுதி பதிந்திருக்கும் அதே தோம்பில், அதாவது பதிவேட்டுப் பக்கத்தில், பதிந்த பிறகுதான் மற்றப் பேச்சு. நம்முடைய குடும்பத்தில் அம்மா முன்னதாகவே காலமானதால் ஒரு வழக்கு போதும். அப்பா முதலில் போயிருந்தால் வீட்டில் பாதி அம்மாவுக்கு வந்திருக்கும். பிறகு அம்மாவின் சொத்துக்கும் ஒரு வழக்கு வேண்டியிருக்கும். இலங்கையில் மரணத்தின்மேல் வாரிசு வரி இப்போது இல்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் செலவாவது வழக்குச் செலவும் காலமும்தான்.

இனி வரிக்கு வருவோம். மேல் மாகாணத்தில் விற்பனை உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். நன்கொடை உறுதிக்கு முதல் 50,000 ரூபாய்க்கு 3 சதவீதம், மிகுதிக்கு 2 சதவீதம். இது மாகாண வருமானத் திணைக்களத்துக்குப் போகும் காசு. உறுதியில் நாம் எழுதும் தொகை சந்தைப் பெறுமதிக்குக் குறைவாகத் தெரிந்தால் மிகுதியைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

மூலதன ஆதாய வரி வேறு. அது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குரியது. பங்கைக் கொடுப்பவர் கட்ட வேண்டியது. ஆதாயம் என்பது இன்றைய பெறுமதிக்கும் அடிப்படைச் செலவுக்கும் உள்ள வித்தியாசம். 2017 செப்டெம்பர் 30இல் ஒருவரிடம் ஏற்கெனவே இருந்த சொத்துக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியே அடிப்படைச் செலவு. நம்முடைய நான்கு பேருக்கும் அப்பா காலமான 2009இலேயே உரிமை வந்துவிட்டது. ஆகவே எல்லோருக்கும் 2017 விலைதான். அப்போது பேர்ச் 60 இலட்சம் என்றால் ஒரு பங்கின் அடிப்படைச் செலவு 1 கோடி 80 இலட்சம். இன்று 3 கோடி. ஆதாயம் 1 கோடி 20 இலட்சம். அதில் 15 சதவீதம் 18 இலட்சம் ரூபாய்.

இந்த 2017 பெறுமதியை நிரூபிக்கும் மதிப்பீட்டு அறிக்கைதான் முழுக் கணக்கின் முதுகெலும்பு. பேர்ச்சுக்கு 5 இலட்சம் கூடினால் ஒரு பங்கின் ஆதாயம் 15 இலட்சம் குறையும். வரி 2 இலட்சத்து 25 ஆயிரம் குறையும். அதற்காக வாயில் வந்த விலையைப் போடவும் முடியாது. தகுதியுள்ள மதிப்பீட்டாளர் அந்தக் காலத்து அயல் விற்பனைகளைக் காட்டி எழுத வேண்டும். நான்கு பேரும் ஒரே அறிக்கையைப் பயன்படுத்துங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். ஒரே காணியின் ஒரே கால் பங்குக்கு அண்ணன் ஒரு விலையும் தங்கை இன்னொரு விலையும் காட்டினால், கேள்வி இருவருக்கும் வரும். 2017க்குப் பிறகு கூரை மாற்றியது, மேல்மாடி கட்டியது போன்றவற்றுக்குப் பற்றுச்சீட்டு இருந்தால் அதைச் செலவழித்தவரின் அடிப்படைச் செலவோடு சேர்க்கலாம். சட்டத்தரணிக்கும் தரகருக்கும் கொடுத்ததும் அப்படியே. இந்த வரிக்கு ஆண்டு முடிவு அறிக்கை வரை காத்திருக்க முடியாது. கைமாறியவுடன் தனி அறிக்கை கொடுத்துக் கட்ட வேண்டும்.

முதல் வழி, வெளியாளுக்கு 12 கோடிக்கு விற்பது. முத்திரை வரி 47 இலட்சத்து 99 ஆயிரத்தை வாங்குபவர் கட்டுவார். அண்ணன், தங்கை, தம்பி ஆளுக்கு 18 இலட்சம் ஆதாய வரி, மொத்தம் 54 இலட்சம். அக்காவின் நிலைமை வேறு. விற்பதற்கு முன் தொடர்ந்து மூன்று வருடம் உரிமையாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது அதிலேயே குடியிருந்த முதன்மை வதிவிடத்துக்கு ஆதாய வரி விலக்கு உண்டு. அக்காவின் கால் பங்கு அதற்குள் வரும். வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலர் சான்றிதழ், அந்த முகவரிக்கு வந்த மின்சாரக் கட்டணச் சீட்டுகள் ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த விலக்கு அவருக்கு மட்டும்தான். "அது எங்கட வீடுதானே" என்று மற்றவர்கள் அதைக் கேட்க முடியாது. குடும்பத்திலிருந்து போகும் மொத்த வரி 54 இலட்சம். வெறும் வரிக் கணக்கில் மலிவான வழி இதுதான். வீட்டை விட அக்காவுக்கு மனமிருக்கிறதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

இரண்டாவது, அக்கா மூவரின் பங்கையும் 9 கோடிக்கு வாங்குவது. மூவரும் அதே 18 இலட்சப்படி 54 இலட்சம் கட்டுவார்கள். சகோதரங்களுக்குள் குறைத்துக் கொடுத்தோம் என்றாலும் இது மாறாது. உறவினர் ஒருவருக்குக் கைமாற்றும்போது சந்தைப் பெறுமதிக்குக் கொடுத்ததாகவே இறைவரிச் சட்டம் கணக்கெடுக்கும். சகோதரங்கள் அந்த உறவினர் வரைவிலக்கணத்துக்குள் வருகிறார்கள். இதற்கு மேலே அக்காவுக்கு முத்திரை வரி. ஒரே உறுதியாக எழுதினால் 35 இலட்சத்து 99 ஆயிரம். ஆளுக்கொரு உறுதியாக மூன்று எழுதினால் 35 இலட்சத்து 97 ஆயிரம். வரி வித்தியாசம் 2,000 ரூபாய்தான். இருந்தாலும் மூன்று உறுதியாக எழுதுவதையே நான் விரும்புவேன். அண்ணனின் அற்றோணித் தத்துவம் கனடாவில் உள்ள நமது தூதரகத்தில் சான்றுபடுத்தப்பட்டு, இங்கே வந்து பதிவாகும் வரை தங்கையும் தம்பியும் காத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் பங்கு முதலிலேயே பதிவாகிவிடும். மொத்த வரி சுமார் 90 இலட்சம்.

மூன்றாவது, நன்கொடை. முத்திரை வரி 18 இலட்சத்து 500 ரூபாய். விற்பனை உறுதியைவிட ஏறக்குறைய 18 இலட்சம் குறைவு. ஊரில் எல்லோரும் சொல்லும் இலாபம் இதுதான். ஆனால் ஆதாய வரி? காசு வாங்காமல் கொடுத்தாலும் சந்தைப் பெறுமதிதான் கணக்கு. ஒரு சதமும் கைக்கு வராத தம்பி 18 இலட்சம் வரி கட்ட வேண்டும். மூவருக்கும் சேர்த்து 54 இலட்சம், முத்திரை வரியோடு 72 இலட்சம். "எனக்குப் பங்கு வேண்டாம், அக்கா வைத்திருக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லும் தம்பிக்கு இதைக் கையெழுத்துக்கு முன்னமே சொல்லிவிட வேண்டும். அந்த 18 இலட்சத்தை அக்கா கொடுப்பதாக முடிவானால் அதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

நிறையப் பேர் செய்வது இன்னொன்று: காசைக் கொடுத்துவிட்டு உறுதியை மட்டும் நன்கொடையாக எழுதுவது. நான் இதற்கு முற்றாக எதிர். முதலாவது, அக்கா அந்த 9 கோடியில் ஒரு பகுதியை வங்கிக் கடனாக எடுக்க வேண்டியிருக்கும். வங்கி, காணி வாங்கத்தான் கடன் கொடுக்கும். விற்பனை உறுதியும் அடமான உறுதியும் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். நன்கொடை என்றால் வாங்குவதற்கு எதுவும் இல்லை. நன்கொடை உறுதி வழியாக வந்த காணியை அடமானமாக எடுக்கவே வங்கிகள் தயங்கும். கொடுத்தவர், பெற்றவரின் கடும் நன்றிகேட்டைக் காட்டி நன்கொடையை ரத்துச் செய்யும்படி நீதிமன்றம் போக முடியும் என்பது அதற்குக் காரணம். இரண்டாவது, தம்பியின் கணக்கில் 3 கோடி விழுந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று இறைவரித் திணைக்களம் கேட்டால் காட்ட ஒரு விற்பனை உறுதியும் இருக்காது. மூன்றாவது பதிவைப் பற்றியது. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, முதலில் பதிந்த உறுதிக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் பெறுமதியான கைம்மாறு கொடுத்துப் பெற்ற உறுதிக்குத்தான். தம்பி நமக்குத் தெரியாமல் தன் பங்கை ஏற்கெனவே ஒருவருக்கு விற்று, அந்த உறுதி பதியப்படாமல் கிடந்தால், விலைக்கு வாங்கி முதலில் பதிந்த அக்காவுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. நன்கொடையாகப் பெற்ற அக்காவுக்கு இல்லை. 18 இலட்சத்தை மிச்சம்பிடிக்க இத்தனையையும் விட்டுக்கொடுக்கலாமா? உண்மையிலேயே காசு கைமாறாத இடத்தில் நன்கொடை எழுதுங்கள். காசு கைமாறினால் விற்பனை உறுதி எழுதுங்கள், முழுத் தொகையையும் எழுதுங்கள். இன்று குறைத்து எழுதும் விலை, நாளை அக்காவின் பிள்ளைகள் விற்கும்போதும் கேள்வியாகத் திரும்பி வரும்.

பதிவில் இன்னும் ஒரு விடயம். பிரிக்கப்படாத பங்கையும் தனியே விற்கலாம், அடமானம் வைக்கலாம். தேசவழமையின் பங்காளி முன்னுரிமை வட மாகாணக் காணிகளுக்கே உரியது. கொழும்புக் காணிக்கு அது இல்லை. ஆகவே தம்பி தன் கால் பங்கை வியாபாரக் கடனுக்கு ஈடு வைத்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க முடியாது. கையெழுத்துக்கு முதல் நாள் கொழும்புக் காணிப் பதிவகத்தில் தோம்பைத் தேடிப் பார்ப்பது இதற்காகத்தான். நொத்தாரிசு, இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அனுப்புவது வழக்கம். அந்த இடைவெளியில் வேறொரு உறுதி முந்திக்கொள்ள இடமுண்டு. உறுதியை உடனேயே பதிவுக்குக் கொடுக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் வாங்கினால் என்ன என்று ஒரு கேள்வி வரும். அவரிடம்தான் காசு இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் தடையில்லை. கனேடியக் குடியுரிமை மட்டும் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். வாரிசாக வந்த தன் கால் பங்கை அவர் வைத்திருக்கலாம், விற்கலாம். மற்றவர்களின் பங்கை விலைக்கு வாங்க முடியாது. வீட்டை இடித்து மாடிக் குடியிருப்புக் கட்டும் ஒருவரோடு ஒப்பந்தம் போடலாம் என்று யோசிக்கும் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமையாளர் மாடி வீடு வாங்குவதானால் முழுத் தொகையையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்துதான்.

நான்காவது வழி வழக்கு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி பங்காளி ஒருவர் தனியாகவே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. வழக்குப் போட்டதும் அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும், உரிமை ஒவ்வொன்றாக விசாரிக்கப்படும், இடைக்காலத் தீர்ப்பு வரும், அதன் பிறகே இறுதித் தீர்ப்பு. நம்முடைய 12 பேர்ச் போலப் பிரிக்க முடியாத காணி என்றால் விற்கச் சொல்லும். முதலில் மதிப்பிட்ட விலைக்குப் பங்காளிகளுக்குள்ளே, அவர்கள் எடுக்காவிட்டால் பகிரங்க ஏலத்தில். பல வருடம் இழுபடும். ஏலத்தில் நல்ல விலை வருமென்று நம்பவும் முடியாது. விற்ற ஆதாயத்துக்கு வரியும் உண்டு. அண்ணன் தம்பி கோபத்தில் "வழக்குப் போட்டுப் பார்க்கிறேன்" என்று கிளம்புவதற்கு இது தகுந்த வழி அல்ல.

ஆனால் இதற்கென்று ஓர் இடம் உண்டு. 48ஆம் பிரிவின்படி வரும் தீர்ப்பு உரிமையை முடிவாக நிலைநாட்டுகிறது. உறுதியால் அப்படிச் செய்ய முடியாது. அப்பா வாங்கியதே ஒரு பெரிய வளவின் பிரிக்கப்படாத பங்காக இருந்தால், பழைய உறுதிகளில் ஒருவரின் பங்கு எங்கே போனது என்று தெரியாவிட்டால், ஒரு சகோதரம் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், நான்கு பேரும் ஒத்துப்போனாலும் வேறு எந்த உறுதியும் அந்த ஓட்டையை அடைக்காது. அப்போது வழக்கையே தேர்ந்தெடுப்பேன். ஒரு எச்சரிக்கை: வழக்கு பதிவான பிறகு 66ஆம் பிரிவின்படி, அது முடியும் வரை பிரிக்கப்படாத பங்கை யாரும் விற்கவோ நன்கொடை எழுதவோ முடியாது. நடுவில் சமாதானம் ஆகி அக்கா வாங்கச் சம்மதித்தால், வெளியே போய் உறுதி எழுதாமல் அந்தச் சம்மதத்தை வழக்குக்குள்ளேயே பதிய வைக்க வேண்டும்.

நம்முடைய குடும்பத்தில் உறுதிகள் சுத்தம், எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள், அக்கா வீட்டை விட விரும்பவில்லை. நான் சொல்வது விற்பனை உறுதியை. வெளியாளுக்கு விற்பதைவிடக் குடும்பத்துக்கு 36 இலட்சம் கூடச் செலவு. அந்தச் செலவை அக்கா மட்டும் சுமக்கத் தேவையில்லை. தரகர் இல்லை, வாங்குபவரைத் தேடும் அலைச்சல் இல்லை, அண்ணன் விடுமுறை போட்டு வரத் தேவையில்லை என்பதால் மூவரும் தங்கள் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அப்படி ஒத்துக்கொண்ட விலை என்னவென்றாலும் மூவருக்கும் ஆதாய வரி சந்தைப் பெறுமதியில்தான் போடப்படும். ஆகவே விட்டுக்கொடுக்கும் தொகையைப் பேசும்போது, 3 கோடியில் 18 இலட்சம் ஏற்கெனவே போய்விட்டது என்று கழித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.